வினாவின் படம் கலங்கலாக இருந்தால் எந்த இடத்தில் "இதற்கு விடை சொல்ல முடியாது" என்று நிறுத்துவது?

தேன்மொழி
மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு ஐயங்களுக்கு விடை சொல்லி வருகிறேன். பாதிக்கு மேல் படமாகத்தான் வரும். கோணலாக, கை நடுங்கி, போனின் நிழல் பக்கத்தின் மேலேயே விழுந்து, எல்லா விதத்திலும் வரும். பெரும்பாலும் எப்படியோ படித்துவிடுவேன். இன்று வந்த படத்தில் மாட்டிக்கொண்டேன்.

அச்சிட்ட வினாத்தாள். முழுப் பக்கமும் ஒரே படத்தில். கீழ்ப்பக்கத்திலிருந்து சாய்த்து எடுத்திருக்கிறது. வலது மேல் மூலையிலிருந்து குறுக்காக ஒரு நிழல். எனக்குத் தெரிந்த வரையில் வினா இது:

14. x² ▢ 7x + k = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் α, β. மேலும் α² + β² = 2▢ எனில் k இன் மதிப்பு
(அ) 10 (ஆ) 12 (இ) −12 (ஈ) 2▢

15. மேற்கண்ட சமன்பாட்டின் பெரிய மூலம்… (இதோடு படம் வெட்டுப்பட்டுவிட்டது)

முதல் கட்டத்தில் கழித்தல் குறி போல இருக்கிறது, ஆனால் உறுதியில்லை. 7 என்பதும் 1 ஆக இருக்கலாம். இரண்டாவது கட்டம் 5 அல்லது 9. மூன்றாவது நிழலுக்குள் இருக்கிறது, 4 போலவும் தெரிகிறது, 0 போலவும் தெரிகிறது. வினாத்தாள் இப்போது தோழியிடம் இருக்கிறதாம், மறுபடி எடுக்க முடியாது என்கிறாள் படம் அனுப்பிய மாணவி. இரண்டு வினாவுக்கும் இன்றைக்கே விடை வேண்டுமாம். நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

கணக்குச்சிங்கம்
இதில் என்ன குழப்பம்? போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். α² + β² = (α+β)² − 2αβ. அதாவது 49 − 2k. 25 என்று வைத்தால் k = 12. மூலங்கள் 3, 4. ஒன்பதும் பதினாறும் சேர்ந்தால் 25. சுத்தமாக வருகிறது, விருப்பங்களிலும் 12 இருக்கிறது. 14க்கு (ஆ), 15க்கு 4. அனுப்பிவிடுங்கள்.

கணக்கு கச்சிதமாக வந்தால் வாசிப்பு சரி. நான் எப்போதும் இப்படித்தான் பார்ப்பேன்.

மூலைவிட்டம்
சிங்கம், 29 என்று வைத்தும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 49 − 29 = 20, k = 10. மூலங்கள் 2, 5. நாலும் இருபத்தைந்தும் 29. அதுவும் சுத்தம்தான். 10 என்பதும் விருப்பங்களில் இருக்கிறது.

7ஐ 1 என்று படித்தால் 1 − 2k = 25, k = −12. மூலங்கள் 4, −3. அதுவும் முழு எண், அதுவும் விருப்பத்தில் (இ) ஆக உட்கார்ந்திருக்கிறது.

ஆக மூன்று வாசிப்பு, மூன்றும் கச்சிதம், மூன்றுக்கும் தனித்தனி விடை. பள்ளிக் கணக்குகள் எல்லாமே முழு எண் வருகிற மாதிரி செய்யப்பட்டவை. பக்கத்து இலக்கத்தை மாற்றினாலும் அடிக்கடி இன்னொரு முழு எண் கணக்கில் போய் விழும். கணக்கு அசிங்கமாக வந்தால் அந்த வாசிப்பைச் சந்தேகிக்கலாம். அழகாக வந்தது என்பதற்காக நம்பிவிட முடியாது.

தேன்மொழி, நான் செய்வது இது. தெளிவில்லாத குறியில் கை வைத்துக்கொண்டு, அதற்கு வேறு என்னவெல்லாம் இருக்கலாம் என்று எழுதுவேன். ஒவ்வொன்றையும் போட்டு விடை மாறுகிறதா என்று பார்ப்பேன். மாறவில்லை என்றால் அது எவ்வளவு கலங்கலாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. உங்கள் முதல் கட்டத்தையே எடுங்கள். கூட்டலோ கழித்தலோ, 14ஆம் வினாவுக்கு அது தேவையே இல்லை. −7 ஆனாலும் +7 ஆனாலும் வர்க்கம் 49தான். ஆனால் 15க்கு அதே குறிதான் எல்லாமும். k = 12 என்றே வைத்துக்கொண்டாலும், கழித்தலாக இருந்தால் மூலங்கள் 3, 4; பெரியது 4. கூட்டலாக இருந்தால் −3, −4, பெரியது −3. ஒரே கலங்கல் ஒரு வினாவுக்குப் பொருட்டே இல்லை, அடுத்த வினாவை அப்படியே நிறுத்திவிடுகிறது. "இந்தப் படம் தெளிவா" என்று படத்தை மொத்தமாகக் கேட்காமல், "இந்த வினாவுக்கு வேண்டிய குறிகள் தெளிவா" என்று கேளுங்கள்.

கணக்குச்சிங்கம்
29ஐ நான் யோசிக்கவில்லைதான். ஆனால் விருப்பங்களை வைத்தே கண்டுபிடிக்கலாமே. (ஈ) 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். 49 − 25 = 24. இரண்டால் வகுக்க மறந்தவன் விழுகிற குழி அது. வினா தயாரிப்பவர் அதற்காகத்தான் 24ஐ வைத்திருக்கிறார். ஆக அது 25தான். துப்பறிந்தாயிற்று.

மூலைவிட்டம்
நல்ல யோசனை. உண்மையாகவே சொல்கிறேன், தவறான விருப்பங்கள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போவது சில சமயம் படத்தைவிட அதிகம் சொல்லும். ஆனால் உங்கள் சாட்சி யார் என்று பாருங்கள். (ஈ) 24 என்பதையும் அதே நிழலுக்குள்தான் படித்திருக்கிறீர்கள். தேன்மொழி "4 அல்லது 0" என்றல்லவா எழுதியிருக்கிறார்? அது 20 என்றால் 49 − 29 = 20. வகுக்க மறந்தவன் விழுகிற குழி அங்கேயும் அதேதான். ஐந்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் நாலைப் பார்க்கிறோம், அப்புறம் நாலைக் காட்டி ஐந்தை நிரூபிக்கிறோம்.

ஒரு கலங்கலை இன்னொரு கலங்கலால் தீர்க்காதீர்கள். சாட்சி வேறு தெளிவான இடத்திலிருந்து வர வேண்டும்.

ராப்படிப்பு
எனக்கும் இப்படித்தான் நடந்தது அக்கா! நான் மின்சுற்று வினா ஒன்றைப் படம் எடுத்துப் போட்டேன். பளபளப்பான தாள், மேலே விளக்கு. விடை 0.2 ஆம்பியர் என்று ஒருவர் போட்டார், நானும் எழுதிவிட்டேன். புத்தகத்தில் 2 ஆம்பியர். படம் எடுக்கும்போது விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் சன்னல் பக்கம் வைத்து எடுத்தால் போதும். தாளைத் தட்டையாக வையுங்கள், இரண்டு கையாலும் போனைப் பிடியுங்கள். எல்லோரும் இப்படி எடுத்தால் இந்தப் பிரச்சினையே வராது.

தேன்மொழி
ராப்படிப்பு, நல்ல குறிப்புதான் தம்பி. ஆனால் நான் கேட்டது எப்படி எடுப்பது என்று இல்லை. எடுத்து முடித்த படம் கைக்கு வந்த பிறகு என்ன செய்வது என்றுதான் கேட்கிறேன். உங்கள் வினாவில் என்ன தவறாகப் படித்தார்கள் என்று தெரிந்ததா?

ராப்படிப்பு
ஆமாம் அக்கா. 9.4 வோல்ட், 4.7 ஓம். அவர் 47 ஓம் என்று படித்துவிட்டார். புள்ளி இருந்த இடத்தில்தான் விளக்கு வெளிச்சம் அடித்திருந்தது.

மூலைவிட்டம்
தம்பி சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. நிழலையும் பளபளப்பையும் ஒன்றாக எண்ணக்கூடாது. நிழல் விழுந்த இடத்தில் தாளும் மங்குகிறது, மையும் மங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு குறைந்தாலும் பெரும்பாலும் படத்துக்குள் இன்னும் இருக்கும். போனிலேயே படத்தைத் திருத்தும் இடத்தில் நிழல் பகுதியின் வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால் எழுத்து வெளியே வரும். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், பரவாயில்லை. வெளிச்சம் அடித்து முழு வெள்ளையாகப் போன இடத்தில் அப்படி இல்லை. அங்கே தாளும் மையும் ஒரே வெள்ளையாகப் பதிவாகிவிட்டன. எதை ஏற்றினாலும் இறக்கினாலும் ஒன்றும் வராது. வெள்ளைத் திட்டுக்குள் ஒரு எண்ணின் நடுப்பகுதி போகிறது என்றால், அங்கே தசமப் புள்ளி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 4.7, 47 இரண்டுமே நடப்பில் உள்ள மின்தடை மதிப்புகள், அதனால் பொது அறிவும் காப்பாற்றாது. அந்த இடத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கோணல்தான் இருப்பதிலேயே சாது. தாளின் நான்கு மூலைகளும் தெரிந்தால் நிமிர்த்திவிடலாம். தொல்லை இரண்டே இடத்தில். ஒன்று, தூரத்தில் இருக்கும் வரிகள் சிறுத்துப் போகும்; நிமிர்த்தினால் எழுத்து பெரிதாகுமே தவிர இல்லாத விவரம் வந்து சேராது. இரண்டு, வடிவியல் படம். கோணலாக எடுத்த முக்கோணத்தில் செங்கோணம் போலத் தெரிவது செங்கோணம் இல்லை, சம பக்கம் போலத் தெரிவது சமம் இல்லை. படத்தில் குறித்திருக்கும் எண்ணையும் சதுரக் குறியையும் மட்டும் நம்ப வேண்டும், கண்ணை நம்பக்கூடாது.

கை நடுங்கிய கலங்கல்தான் துரோகி. தேன்மொழி, உங்கள் படத்தில் கலங்கல் எந்தத் திசையில் என்று பார்த்தீர்களா?

தேன்மொழி
திசை என்றால்? மொத்தமாக மங்கலாகத்தான் இருக்கிறது.

மூலைவிட்டம்
பெரிதாக்கி, உங்களுக்கு ஐயமே இல்லாத எழுத்துகளைப் பாருங்கள். "சமன்பாட்டின்" என்ற சொல்லில் "பா", "ட்" இரண்டும் இருக்கின்றன. ப, ட இரண்டிலும் நிமிர்ந்த கோடும் உண்டு, அடியில் படுத்த கோடும் உண்டு. எது கூராக இருக்கிறது, எது பூசினாற்போல இருக்கிறது?

தேன்மொழி
அட! அடிக்கோடு கூராக இருக்கிறது. நிமிர்ந்த கோடுகள்தான் பக்கவாட்டில் பூசிக் கிடக்கின்றன. சமன்குறியின் இரண்டு கோடும்கூட நன்றாகவே தெரிகின்றன.

மூலைவிட்டம்
அப்படியென்றால் கை இடம் வலமாக அசைந்திருக்கிறது. அசைவு எந்தத் திசையோ அந்தத் திசையில் கிடக்கும் கோடு தப்பிக்கும், அதற்குக் குறுக்கே நிற்கும் கோடு கரைந்துபோகும். இப்போது உங்கள் முதல் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கூட்டல் குறி இப்படி அசைந்தால் என்ன ஆகும்? படுத்த கோடு கூராக நிற்கும், நிமிர்ந்த கோடு மெல்லிய சாம்பலாகப் பரவிவிடும். பார்ப்பவர் கண்ணுக்குக் கழித்தல்தான் தெரியும். ஆக இந்தப் படத்தில் "கழித்தல் போல இருக்கிறது" என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. கை மேலும் கீழும் அசைந்திருந்தால் கதை தலைகீழ். கழித்தல்கள் காணாமல் போகும், கூட்டல் 1 போல நிற்கும்.

அதே விதி இன்னொரு இடத்தில் உங்களுக்கு உதவும். 7ன் தலையில் படுத்த கோடு உண்டு. அச்சில் வரும் 1க்கு அப்படி நீண்ட தலைக்கோடு கிடையாது. உங்கள் எண்ணுக்கு மேலே கூரான படுத்த கோடு தெரிகிறதா?

தேன்மொழி
தெரிகிறது. தெளிவாகவே தெரிகிறது. அப்போது 7தான், (இ) போய்விட்டது. 5ன் தலையிலும் படுத்த கோடு உண்டே, அதையும் பார்த்தேன். ஆனால் நிழலின் விளிம்பு சரியாக அந்த எண்ணின் தலையில் ஓடுகிறது. கோடா நிழலா என்று பிரிக்க முடியவில்லை.

நடுப்பக்கம்
ஸ்கேன் செயலியில் போட்டுக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்களேன். நிழல் எல்லாம் பறந்துவிடும், தாள் பளிச்சென்று வெள்ளையாக, எழுத்து கன்னங்கரேலென்று வரும். நான் எல்லா ஆவணத்தையும் அப்படித்தான் மாற்றி வைக்கிறேன்.

மூலைவிட்டம்
மாற்றிப் பார்க்கலாம், ஆனால் பக்கத்தில் மூலப்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்த வடிகட்டி ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து "நீ கருப்பு, நீ வெள்ளை" என்று தீர்ப்பு எழுதிவிடும். ஐயத்துக்கு அங்கே இடமில்லை. மங்கலான தசமப் புள்ளி வெள்ளையாகித் தொலையும், நிழல் விளிம்பு கருப்புக் கோடாகி 5க்குத் தலை வைத்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது தெளிவான படம். சரியான படமா என்பது வேறு.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் எடுத்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42. ஸ்கேனில் மூன்றும் 14.13. மங்கலே இல்லை, அச்சுப்போலத் தெளிவு. கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோலத் தெரியும் துண்டுகளுக்கெல்லாம் ஒரே துண்டை எடுத்து ஒட்டியிருக்கிறது இயந்திரம். வேறு தாள்களில் 6 இருந்த இடத்தில் 8 வந்ததையும் அவர் காட்டினார். கலங்கலான எண்ணாவது "என்னை நம்பாதே" என்று சொல்லிவிடும். தெளிவாக்கப்பட்ட தவறான எண் வாயே திறக்காது.

நடுப்பக்கம்
இது தெரியாது. நான் மூலப்படங்களை அழித்துவிடுவேனே… சரி, இனி பார்த்துக்கொள்கிறேன்.

பச்சையம்
நான் உயிரியல் சொல்லித்தருகிறவள். எங்கள் வினாக்களில் எண் குறைவு, எல்லாம் சொற்கள். ஒரு வரியில் நாலு எழுத்து கலங்கிப்போனாலும் படித்துவிடலாம். மெய்யெழுத்தின் புள்ளி எல்லாம் போய்விட்டாலும் "பசசையம" என்பதைப் பச்சையம் என்று யாரும் படித்துவிடுவார்கள். அதனால் எங்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

மூலைவிட்டம்
வரியின் நடுவில் நீங்கள் சொல்வது சரி. சொல்லுக்குச் சுற்றியிருக்கும் சொற்கள் துணைக்கு வரும். எண்ணுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். ஆனால் உங்கள் வினாக்களின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். "பின்வருவனவற்றுள் ஒளிச்சேர்க்கையோடு தொடர்புடையது எது", "தொடர்பில்லாதது எது". வரியின் வால் மடிப்புக்குள் போயிருந்தால், விடையே புரண்டுவிடும்.

பச்சையம்
ஐயோ ஆமாம். "பொருந்துவது", "பொருந்தாதது". நடுவில் இரண்டே எழுத்துதான் வித்தியாசம், இரண்டு சொல்லும் அந்த இடத்தில் இயல்பாகவே இருக்கும். ஆனால் எங்களுக்கு ஒரு வழி உண்டு. நாலு விருப்பத்தையும் பார்த்தால், மூன்று ஒளிச்சேர்க்கையோடு சேர்ந்தவை, ஒன்று வேறு என்றால், வினா "பொருந்தாதது" என்றுதான் இருக்க வேண்டும். மூன்று சரியான விடை உள்ள வினாவை யாரும் கேட்க மாட்டார்கள்.

மூலைவிட்டம்
இது அருமை. விருப்பங்கள் தெளிவாக இருக்கும் வரை இது உறுதியான சாட்சிதான். வினாவின் வால் மட்டும் கலங்கியிருக்கிறது, சாட்சி தெளிவான இடத்திலிருந்து வருகிறது. சிங்கம் சொன்ன 24க்கும் இதற்கும் அதுதான் வேறுபாடு. கூற்று, காரணம் வகை வினாக்களில் மட்டும் இது ஓடாது. அங்கே எல்லாச் சேர்க்கையும் விருப்பங்களில் இருக்கும்.

கணக்குச்சிங்கம்
சரி சார், இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? "25 என்றால் 12, 29 என்றால் 10" என்று இரண்டையும் எழுதி அனுப்பினால் முடிந்தது. தாள் யாரிடம் இருக்கிறதோ அவர் பார்த்துக்கொள்வார்.

தேன்மொழி
முன்பெல்லாம் அப்படிச் செய்திருக்கிறேன். பிள்ளைகள் முதலில் இருக்கும் விடையைத்தான் எடுத்து எழுதுகிறார்கள். "என்றால்" என்ற சொல்லை யாரும் படிப்பதில்லை.

மூலைவிட்டம்
எனக்கு இதில் நடுநிலை. ஐயம் ஒரே குறியில், அதற்கு இரண்டே வாசிப்பு, கேட்பவர் தாளைப் பார்க்கக்கூடியவர் என்றால் இரண்டு விடையும் கொடுக்கலாம். ஆனால் விடையை எழுதும் முன் கேள்வியை எழுதுங்கள்: "சமன்குறிக்கு வலப்பக்கம் உள்ள எண் 25ஆ, 29ஆ?" ஐயக்குறி இரண்டானால் நான்கு வாசிப்பு, மூன்றானால் எட்டு. 15ஆம் வினாவுக்குக் குறியும் சேர்வதால் ஏற்கெனவே நான்கு ஆகிவிட்டது: 4, −3, 5, −2. நான்கு விடையை எழுதி அனுப்புவது விடை சொல்வது ஆகாது. எனக்கு எல்லை அங்கேதான்.

இன்னொன்று. படம் மறுபடி வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் அதே மாதிரி இன்னொரு படம்தான் வரும். எந்த வரி, எந்தக் குறி என்று சொல்லி, அந்த வரியை மட்டும் நெருங்கி எடுக்கச் சொல்லுங்கள்.

தேன்மொழி
தாள்தான் அவளிடம் இல்லையே.

மூலைவிட்டம்
தாள் இல்லாவிட்டாலும் போனில் மூலப்படம் இருக்குமே! உங்களுக்கு வந்தது செய்தியில் அனுப்பும்போது சுருங்கிய படம். கோப்பின் அளவைப் பாருங்கள், உயரம் எத்தனை பிக்சல்?

தேன்மொழி
1600.

மூலைவிட்டம்
ஏ4 தாளின் உயரம் 11.7 அங்குலம். தாள் படத்தை நிறைத்திருந்தால்கூட அங்குலத்துக்குச் சுமார் 137 பிக்சல்தான். 10 புள்ளி அளவு அச்சில் ஒரு இலக்கத்துக்கு 13 பிக்சல் உயரம் கிடைக்கும். மேலே ஏறிய அடுக்குக்கு 9. 5ன் தலைக்கோட்டுக்கு ஒரு பிக்சல், அதிகம் போனால் இரண்டு. அதுவும் சாய்த்து எடுத்ததால் மேல் வரிகளுக்கு இன்னும் குறையும். மூலப்படம் 4000 பிக்சல் உயரம் என்றால் அதே இலக்கம் 33 பிக்சல் இருக்கும். அதைச் சுருக்காமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். கை அசைந்தது அதில் சரியாகாது, நிழல் சரியாக வாய்ப்பு உண்டு.

தேன்மொழி
அனுப்பிவிட்டாள். உயரம் 4000. நிழலை ஏற்றிப் பார்த்தேன். நிழல் விளிம்பு குறுக்காக ஓடுகிறது, அதற்குக் கீழே தனியாக ஒரு படுத்த கோடு, இடது முனையிலிருந்து கீழே இறங்குகிறது. 5தான். (ஈ) 24. நாலின் குறுக்குக்கோடு தெரிகிறது.

குறி மட்டும் இன்னும் கழித்தல் போலத்தான் இருக்கிறது. நடுவில் மேலும் கீழும் லேசான சாம்பல் நிறம். அது தாளின் கறையா, கரைந்துபோன கோடா என்று தெரியவில்லை.

கணக்குச்சிங்கம்
25! 24! நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா? இரண்டாவது பதிவைப் போய்ப் பாருங்கள் எல்லோரும்.

மூலைவிட்டம்
சொன்னீர்கள். பாராட்டுகள். 29ஆக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

தேன்மொழி, பக்கத்தில் ஐயமில்லாத கூட்டல் குறி இருக்கிறதே, "7x + k" என்பதிலும் "α² + β²" என்பதிலும். அவையும் அதே மாதிரி கரைந்திருக்கின்றனவா? உண்மையான கழித்தலும் ஒன்று இருக்கிறது, (இ) −12. அதன் சுற்றுப்புறம் எப்படி?

தேன்மொழி
+ k இல் நிமிர்ந்த கோடு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது, ஆனால் பூசித்தான் இருக்கிறது. −12 இன் சுற்றுப்புறம் சுத்த வெள்ளை. ஆனால் அது நிழலுக்கு வெளியே இருக்கிறது, ஒப்பிட முடியுமா தெரியவில்லை.

மூலைவிட்டம்
எனக்குக் கூட்டல் பக்கம் சாய்கிறது. அவ்வளவுதான் சொல்லலாம், எழுதிக் கொடுக்க முடியாது. 14க்கு (ஆ) 12 என்று அனுப்புங்கள், குறி எதுவானாலும் அது மாறாது. 15க்கு, "x-க்கு முன்னால் இருக்கும் எண்ணின் குறி என்ன என்று தோழியிடம் கேட்டுச் சொல்" என்று மட்டும் எழுதுங்கள். படம்கூட வேண்டாம், ஒரு சொல் போதும்.

கணக்குச்சிங்கம்
பாடப்புத்தகத்தில் இந்த வகைக் கணக்கு எல்லாம் கழித்தலில்தான் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு. 4 என்றே எழுதலாம்.

பச்சையம்
மீதிப் பத்து யாருக்கு?

தேன்மொழி
தோழி பதில் அனுப்பிவிட்டாள். x² + 7x + k. கூட்டல்தான். அந்த வரியை மட்டும் நெருங்கி எடுத்த படமும் வந்திருக்கிறது, 15ன் விருப்பங்களும் அதில் இருக்கின்றன: 4, 3, −3, −4. விடை −3 என்று அனுப்பிவிட்டேன்.

கணக்குச்சிங்கம்
14 சரிதானே?

ராப்படிப்பு
அண்ணா, −3 எப்படி −4ஐவிடப் பெரியது? 4தானே பெரிய எண்?

தேன்மொழி
தம்பி, எண்கோட்டில் −3 வலப்பக்கம் இருக்கிறது, அதனால் அது பெரியது. அதைத் தனி இழையில் கேளுங்கள், விளக்கமாகச் சொல்கிறேன்.

மூலைவிட்டம் சார், ஒன்று மட்டும் இன்னும் எனக்கு ஓடவில்லை. தோழி பதில் சொல்லாமல் இருந்திருந்தால்? இரண்டு விடையும் எழுதுவேனா, ஒன்றும் எழுதாமல் விடுவேனா?

மூலைவிட்டம்
நான் என்றால் 15க்கு விடை எழுதாமல், வழியை மட்டும் எழுதுவேன். காரணிப்படுத்துவது எப்படி, மூலங்களின் குறி x-இன் கெழுவைப் பொறுத்து எப்படி மாறும் என்று. தாள் கைக்கு வந்ததும் அவளே முடித்துக்கொள்வாள்.

பச்சையம்
எனக்கு அது ஒத்துவராது. இன்றைக்கே வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு வழி மட்டும் சொன்னால் அது வேறு யாரிடமாவது போய்க் கேட்கும், அவர் 4 என்று எழுதிக் கொடுத்துவிடுவார். இரண்டு விடையையும் கொடுத்து, எது என்பதைத் தாளில் பார் என்று பெரிதாக எழுதுவதுதான் நல்லது.

கணக்குச்சிங்கம்
அந்த "வேறு யாராவது" யார் என்று எனக்குப் புரிகிறது.

நடுப்பக்கம்
இடையில் ஒரு சின்னக் கேள்வி. கோப்பாக அனுப்பினால் படம் சுருங்காது என்கிறீர்களே, செயலியில் எந்த இடத்தில் போய் அப்படி அனுப்புவது?

தேன்மொழி
படத்தைத் தேர்வு செய்யும் இடத்தில் போகாமல், ஆவணம் இணைக்கும் இடத்தில் போய் அதே படத்தை எடுங்கள். அனுப்பியதும் கோப்பின் பெயரும் அளவும் தெரியும். சில எம்.பி. இருந்தால் சரியாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். நூறு இருநூறு கே.பி. மட்டும் இருந்தால், அது ஏற்கெனவே யாரோ சுருக்கி அனுப்பிய படம்.